இருபத்தேழு கோயில், நான்கு நாள்

(யாத்திரை நடத்துவோரும் யாத்திரை செல்வோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோயில் சுற்றுலா நோட்டீஸ் ஒன்றைக் கையில் எடுத்தால் மேலே பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும், கீழே நாலைந்து வரியில் விவரம் இருக்கும். பணம் கட்டுகிறவர் பெரும்பாலும் தலைப்பைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறார். விவரத்தை அவர் படிப்பது வண்டியில் ஏறிய பிறகுதான். சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. இன்று நான் பேசப்போவது அந்தத் தலைப்பையும் அந்த நாலைந்து வரியையும் பற்றி மட்டுமே. ஊர் ஊராகப் போக வேண்டாம். நம் எல்லோருக்கும் பழகிய நவக்கிரக யாத்திரையையே எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு நோட்டீஸ் இருக்கிறது. யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி பலர் போடுகிறார்கள். தலைப்பு இப்படி: ‘சென்னையிலிருந்து 4 நாள் நவக்கிரக மகா யாத்திரை, 27 கோயில்கள், ஏசி சொகுசுப் பேருந்து, உணவு தங்குமிடம் உட்பட’. விவரத்தில் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குப் புறப்பாடு, திங்கள் அதிகாலை திரும்புதல் என்று இருக்கிறது. நடுவில் தலங்களின் பெயர் வரிசை. எந்தக் கோயிலுக்கு எந்த நேரம் என்று ஓர் இடத்திலும் இல்லை.

முதலில் அந்த ‘4 நாள்’. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று விரலை மடக்கினால் நான்கு வரும். ஆனால் வெள்ளிக்கிழமையில் நமக்குக் கிடைப்பது இரவு 10 மணிக்கு மேல் உள்ள இரண்டு மணி நேரம். திங்கள்கிழமையில் கிடைப்பது தூக்கக் கலக்கத்தில் தாம்பரத்தில் இறங்குவது. கோயிலுக்கு மிஞ்சுவது சனியும் ஞாயிறும். மூன்று இரவில் இரண்டு இரவு வண்டியிலேயே கழிகிறது. ஆகவே இது 2 பகல், 3 இரவு யாத்திரை. விடுதியில் படுப்பது ஓர் இரவுதான். இதை இப்படியே தலைப்பில் போட்டால் ஆள் வரமாட்டார்கள் என்று நடத்துபவர்கள் பயப்படுகிறார்கள். முழங்கால் வலி உள்ள எழுபது வயது அம்மா, ‘மூணு ராத்திரியும் படுக்கை உண்டு’ என்று நினைத்து வந்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை வரும் என்பதை நினைக்க வேண்டும்.

அடுத்தது ‘27 கோயில்’. இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் பெரும்பாலான கோயில்களில் காலை 6 மணிவாக்கில் நடை திறப்பார்கள். மதியம் 12, 12.30 அளவில் சாத்துவார்கள். மாலை 4 மணிக்குத் திறந்தால் இரவு 8 அல்லது 8.30 வரை. தோராயமாக வைத்துக்கொள்வோம்: காலையில் 6 மணி நேரம், மாலையில் நாலரை மணி நேரம், ஆக ஒரு நாளைக்குப் பத்தரை மணி நேரம். இரண்டு நாளைக்கு 21 மணி நேரம். அதை 27 கோயிலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 46 நிமிடம் வருகிறது. அந்த 46 நிமிடத்துக்குள்தான் ஓட்டமும் அடங்க வேண்டும், தரிசனமும் அடங்க வேண்டும்.

நாற்பது பேர் ஒரு பேருந்திலிருந்து இறங்குவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கதவு ஒன்றுதான். கம்பியைப் பிடித்து, பையை எடுத்து, கீழ்ப்படியில் கால் எட்டுகிறதா என்று பார்த்து இறங்க ஒருவருக்குப் பத்து விநாடி என்றால்கூட ஏழு நிமிடம் ஆகிவிடும். ஏறுவதற்கு இன்னொரு ஏழு நிமிடம். இது இளைஞர்களுக்கான கணக்கு. இறங்கியதும் பாதிப் பேர் கேட்பது கழிப்பிடம் எங்கே என்று. அங்கே இரண்டு அறை இருக்கும், அதில் ஒன்றில் தண்ணீர் வராது. பிறகு செருப்பு விடுகிற இடம், அர்ச்சனைச் சீட்டு, விளக்குக் கடை. கிராமத்துக் கோயில்களில் பெரிய வண்டி வாசல்வரை போகாது. திருப்புவதற்கு இடம் உள்ள இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். இதையெல்லாம் கழித்தால் 46 நிமிடத்தில் சுவாமிக்கு என்ன மிஞ்சும்?

அப்படியானால் 27 எப்படி வந்தது? நோட்டீஸின் வரிசையைப் படித்தால் புரிந்துவிடும். வைத்தீஸ்வரன்கோயிலில் வைத்தியநாதர் ஒன்று, செல்வமுத்துக்குமாரசுவாமி ஒன்று, அங்காரகன் ஒன்று, தன்வந்திரி ஒன்று என்று நான்கு. ஒரே மதிலுக்குள் இருக்கும் சந்நிதிகள்! சூரியனார்கோயிலில் ஒன்பது கிரகங்களுக்கும் தனித்தனிச் சந்நிதி உண்டு. அதற்கும் தாராளமாக எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, மெய் என்றும் சொல்ல முடியாது. ஒப்பிலியப்பன் கோயிலைத் திருநாகேஸ்வரத்தோடு சேர்க்காமல் தனியாக எண்ணியிருந்தால் நியாயம். அது பக்கத்தில் இருந்தாலும் தனிக் கோயில்.

எண்ணிக்கையை வைத்துத் தலைப்புப் போடக்கூடாதா என்றால், போடலாம். ஒன்பது என்று போடலாம். ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க முடியும் என்பதற்குச் சாட்சியே இருக்கிறது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து ஒரு நாள் நவக்கிரகப் பேருந்தை வார இறுதியில் விடத் தொடங்கியது. தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய். அதன் வழி அமைப்பைப் பாருங்கள். விடியுமுன் புறப்பட்டு, காலையில் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் என்று ஐந்து. நடை சாத்தியிருக்கும் மதிய நேரத்தில் சாப்பாடு, கிழக்கு நோக்கி ஓட்டம். நடை திறந்ததும் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியில் திருநள்ளாறு என்று நான்கு. கும்பகோணத்தைச் சுற்றி உள்ளவை காலையிலும், கடற்கரைப் பக்கம் உள்ளவை மாலையிலும் வருகின்றன. வழித்தடம் தெரிந்தவர்கள் போட்ட திட்டம் என்று பார்த்ததுமே தெரிகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். உடம்பு தாங்குகிறவர்களுக்கு அது சரி. அவர்கள் தலைப்பிலேயே ‘ஒரு நாள்’ என்று சொல்லிவிட்டார்கள். ஏறுகிறவர் அவசரம் தெரிந்தே ஏறுகிறார்.

இங்கே நாள் என்ற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நோட்டீஸ் எழுதுகிறவர்கள் கவனிப்பதே இல்லை. திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு ராகு காலத்தில் பாலாபிஷேகம் நடக்கும். திருமேனியில் படும் பால் நீலமாக மாறும் என்கிறார்கள்; அதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வருகிறது. ராகு காலம் நாளுக்கு நாள் மாறும். சனிக்கிழமை காலை 9 முதல் 10.30 வரை. ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 வரை. காலை 9 மணிக்குத் திருநாகேஸ்வரம் போய்ச் சேரும் வண்டி சனிக்கிழமையானால் அபிஷேகத்துக்குச் சரியாக இருக்கும். அதே வண்டி, அதே நேரம், ஞாயிற்றுக்கிழமையானால் அபிஷேகம் கிடையாது. மாலை ராகு காலத்தில் அந்த ஒரு நாள் வண்டி வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் இருக்கும். ‘ராகு கால பாலாபிஷேக தரிசனத்துடன்’ என்று தலைப்பில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனால் அது ஏமாற்று. புதன்கிழமையானால் இன்னும் சிக்கல். ராகு காலம் 12 முதல் 1.30 வரை, மற்ற கோயில்கள் நடை சாத்துகிற நேரம் அது.

சனிக்கிழமைக்கு வேறொரு விலை உண்டு. சனிக்கிழமை மாலை திருநள்ளாறு போனால் சனி பகவான் சந்நிதியில் வரிசை எவ்வளவு நீளும் என்று உங்களுக்குத் தெரியும். ஆக ராகுவுக்குச் சனிக்கிழமை நல்லது, திருநள்ளாற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை வசதி. இரண்டு நாள் திட்டத்தின் முதுகெலும்பே இதுதான். வெள்ளி இரவு சென்னையில் கிளம்பும் வண்டிக்கு இது தானாக அமைந்துவிடுகிறது. நாம் வரிசையைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

எப்படி என்று சொல்கிறேன். சென்னையிலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு 10க்குத் தாம்பரத்தை விட்டால் காலை 5 மணிவாக்கில் விடுதி வாசல். குளியல், காபி, பலகாரம் முடிந்து 6.30க்கு வண்டி எடுத்தால் முதலில் திருமங்கலக்குடி. பிராணநாதேஸ்வரரைத் தரிசித்துவிட்டே சூரியனார்கோயில் போவது மரபு; பல நோட்டீஸில் இந்த ஊர்ப் பெயரே இருக்காது. அங்கிருந்து சூரியனார்கோயில், பக்கத்திலேயே கஞ்சனூர். 9 மணியளவில் திருநாகேஸ்வரம், ராகு கால அபிஷேகம். பதினொன்றரை வரை ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போக விருப்பமுள்ளவர்கள் போகட்டும். பிறகு சாப்பாடும் ஓய்வும் விடுதியில். மூன்று மணிக்கு மேல் கிளம்பி, நாலு மணிக்கு ஆலங்குடியில் நடை திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். அங்கிருந்து திங்களூர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். ஏழரைக்குள் தரிசனம் முடியும். இரவு கும்பகோணத்தில் படுக்கை. ஞாயிறு காலை 6க்குக் கிளம்பினால் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் நடை சாத்துவதற்குள் முடியும்.

மிச்சம் திருநள்ளாறு ஒன்று. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டரை மணிக்கே அங்கே போய்ச் சேர வேண்டும். நடை சாத்தியிருக்குமே என்பீர்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நள தீர்த்தத்துக்கு. நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, உடை மாற்றி, கலிதீர்த்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வர நாற்பது பேருக்கு அந்த நேரம் வேண்டும். நான்கு மணிக்குக் கோயிலுக்குள் போகலாம். திருநள்ளாற்றை முடித்துவிட்டு வேறு கோயிலுக்குப் போகாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நம்பிக்கையும் நம் மக்களிடம் உண்டு. வழித்தடமும் நம்பிக்கையும் இங்கே ஒத்துப்போகின்றன. இதைத் தெரியாமல், சனிக்கிழமை திருநள்ளாற்றை முடித்து ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்குக் கூட்டிப்போகிறவர் வண்டிக்குள் அரைநாள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தரிசனம் ஆறு மணிக்கு முடிந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை வந்தால் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பெண்களையும் பெரியவர்களையும் இறக்கிவிட வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டு எட்டரைக்கு மேல் கிளம்பினால் விடியற்காலையில் வந்து சேரலாம். திரும்பும் நேரத்தை விவரத்தில் போடுவது இதற்காகத்தான்; மகனோ மருமகளோ அழைத்துப்போக வருவார்கள்.

இப்போது வண்டியைப் பற்றி. திருநள்ளாறு காரைக்கால் பகுதியைச் சேர்ந்தது, அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட அனுமதி உள்ள வண்டியை அமர்த்தினால் அங்கே போகத் தனி பர்மிட்டும் வரியும் கேட்பார்கள். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் உள்ள வண்டி என்றால் இந்தத் தலைவலி குறையும். 2023இல் வந்த விதிகள் அதற்குத்தான். ஓட்டுநரிடம் பயணிகள் பட்டியலும் இருக்க வேண்டும். ‘ஸ்டேட் டாக்ஸ், டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உட்பட’ என்ற ஒரு வரி விவரத்தில் இல்லையென்றால், செக்போஸ்டில் தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்க இடம் உண்டு.

ஓட்டுநர் விஷயம் அதைவிடப் பெரியது. மேலே சொன்ன திட்டத்தில் வெள்ளி இரவு முழுக்க ஓட்டிய மனிதர் சனி காலை ஆறரைக்கு மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இல் வந்தது, 2025 வரை நடப்பில் இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவில் அரை மணி ஓய்வு என்றது அது. நீண்ட தூரத்துக்குச் சலுகை கொடுத்தாலும் பத்து மணி நேரத்தைத் தாண்ட விடவில்லை. இரண்டு ஓட்டுநர் இல்லாமல் இந்த யாத்திரையை நடத்தக்கூடாது. அதை ஒளிக்க வேண்டியதில்லை, பெருமையாக விவரத்தில் போடுங்கள். ஏசி, புஷ்பேக் என்பதைவிட ‘இரண்டு ஓட்டுநர்கள்’ என்ற சொல்லுக்கு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் கொடுப்பார்கள்.

தங்குமிடத்துக்கும் இதே விதி. ‘தங்குமிடம் உட்பட’ என்பதற்குள் மூன்று விதமான ஏற்பாடு ஒளிந்திருக்கும்: இருவருக்கு ஓர் அறை, நால்வருக்கு ஓர் அறை, அல்லது மண்டபத்தில் பாய். நான்காவதும் ஒன்று உண்டு, பத்துப் பேர் வரிசையில் குளித்துக் கிளம்ப ஓர் அறை. எதுவும் தவறில்லை, கட்டணத்துக்குத் தகுந்தது. எது என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு. உணவும் அப்படித்தான்: சனி காலைப் பலகாரம் முதல் ஞாயிறு இரவுச் சாப்பாடு வரை ஆறு வேளை என்று எழுதினால் பேச்சே இல்லை.

‘சனிப்பெயர்ச்சி சிறப்பு யாத்திரை’ என்று தலைப்புப் போடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பஞ்சாங்கம் என்று முதலில் கேளுங்கள். 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி என்பது திருக்கணிதக் கணக்கு. திருநள்ளாறு வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் கோயில். அங்கே 2023 டிசம்பர் 20இல் பெயர்ச்சி விழா நடந்தது, அடுத்தது 2026இல்தான் என்று கோயில் தரப்பிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் ராசிபலன் கேட்டுவிட்டு அறிவிப்பு அடித்தால் விழா இல்லாத நாளில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவீர்கள். திருப்பணிக்காகப் பாலாலயம் செய்திருக்கும் கோயிலும் அப்படியே. மூலவர் தரிசனம் கிடைக்காது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். கிரகணத்தன்று நடை சாத்தும் நேரத்தையும் கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அந்த நோட்டீஸை நான் எப்படி எழுதுவேன் என்று கேட்பீர்கள். தலைப்பு இது: ‘சென்னையிலிருந்து நவக்கிரகத் தலங்கள் ஒன்பது: ஏசி பேருந்தில் 2 பகல், 3 இரவு’. செல்போனில் ஒரே பார்வையில் தெரியும் அளவுதான். புறப்படும் ஊர், எத்தனை கோயில், எந்த வாகனம், உண்மையான நாள் கணக்கு நான்கும் வந்துவிட்டன. மகா, தெய்வீக, அற்புத என்ற சொற்களுக்கு இடமில்லை. நவக்கிரகம் என்றாலே வருகிறவர்களுக்குத் தெரியும்.

விவரம் இப்படி: ‘வெள்ளி இரவு 10 மணிக்குத் தாம்பரத்தில் புறப்பாடு, திங்கள் விடியற்காலை திரும்புதல். இரண்டு இரவு பேருந்தில், சனி இரவு கும்பகோணத்தில் இருவருக்கு ஓர் அறை. சனி காலை திருமங்கலக்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம் (ராகு கால பாலாபிஷேகம்); மாலை ஆலங்குடி, திங்களூர். ஞாயிறு காலை வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம். மாலை திருநள்ளாறு, நள தீர்த்த நீராடலுக்கு நேரம் உண்டு. ஆறு வேளை சைவ உணவு, வரி, டோல், பார்க்கிங் அடங்கும். அர்ச்சனை, பரிகாரச் சீட்டு அடங்காது. இரண்டு ஓட்டுநர்கள். சில தலங்களில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமையிலேயே திருநள்ளாறு தரிசனம் வேண்டுவோருக்கு இந்த யாத்திரை பொருந்தாது.’

கடைசி வரியைப் படித்ததும் சில நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். வருகிற ஆளை நாமே திருப்பி அனுப்புவதா என்று. ஆமாம், அனுப்புங்கள். அவர் வந்தால் சனிக்கிழமை மாலை ஆலங்குடியில் நின்றுகொண்டு, ‘ஏன் இன்னும் திருநள்ளாறு போகவில்லை’ என்று கேட்பார். அவர் ஒருவரால் மற்ற முப்பத்தொன்பது பேரின் மனமும் கலையும். பணத்தைத் திருப்பிக் கேட்பார், ஊரில் நாலு பேரிடம் சொல்வார். அவருக்குச் சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு வண்டி விடும் இன்னொருவரைக் கைகாட்டுங்கள்.

யாத்திரை போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அட்வான்ஸ் கட்டும் முன் நடத்துபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கோயிலுக்கும் போய்ச் சேரும் நேரத்தை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். 12 முதல் 4 வரை அதில் ஏதாவது கோயில் பெயர் வந்தால் நடை திறந்திருக்குமா என்று கேளுங்கள். எத்தனை ஓட்டுநர், எத்தனை பேருக்கு ஓர் அறை என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.